எட்டு கார்பன், ஆறு கோடு

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலின் ஒரு மூலக்கூறில் எட்டு கார்பன் அணுக்கள் இருக்கின்றன. அந்த வெள்ளைப் பொடியில் முப்பது, நாற்பது மில்லிகிராம் எடுத்து, அரை மில்லிலிட்டருக்குச் சற்றுக் கூடுதலான கரைப்பானில் கரைத்து, பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கார்பன் என்.எம்.ஆர். கருவிக்குள் இறக்கினால், அரை மணி நேரத்தில் திரையில் ஒரு படம் வரும். அதில் பாராசிட்டமாலுக்கு உரியவை ஆறே ஆறு கோடுகள்தான். எட்டு கார்பனுக்கு ஏன் ஆறு கோடு என்று கேட்டால் மூலக்கூறின் சமச்சீர் தெரியவரும். அந்த ஆறும் எந்தெந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்த்தால், ஒவ்வொரு கார்பனும் யாரோடு கைகோத்திருக்கிறது என்பது தெரியவரும்.

கல்லூரி மாணவர்கள் பலர் இந்தப் படத்தைக் கையில் கொடுத்ததும் நேராக அட்டவணையைத் தேடிப் போய்விடுவார்கள். 24 என்றால் என்ன, 153 என்றால் என்ன என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர் சூட்டத் தொடங்குவார்கள். முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது என்பது என் திடமான கருத்து. எண்ணிக்கைக்கு அட்டவணை தேவையில்லை. மூலக்கூறு வாய்பாடும் ஒரு தாளும் போதும்.

முதலில், ஒரு கார்பன் ஏன் ஒரு கோடாகத் தெரிகிறது? உலகில் உள்ள கார்பன் அணுக்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு கார்பன்-12. அதன் உட்கருவுக்குத் தற்சுழற்சி கிடையாது. எவ்வளவு வலிமையான காந்தத்துக்குள் வைத்தாலும் அதனிடமிருந்து சிக்னல் வராது. மீதி 1.1 விழுக்காடு இருக்கும் கார்பன்-13 ஒரு குட்டிக் காந்தமாக நடந்துகொள்ளும். வெளியே இருந்து சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் அது அசைந்து பதில் தரும். ஒரு பாராசிட்டமால் மூலக்கூறில் கார்பன்-13 இருந்தால் எட்டு இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் குழாயில் கோடானுகோடி மூலக்கூறுகள் உள்ளன. ஒன்றில் முதல் இடம், இன்னொன்றில் ஐந்தாம் இடம் என்று எல்லா இடங்களின் குரலும் சேர்ந்து கேட்கும்.

இந்த அரிதான தன்மை ஒரு தொல்லை, ஒரு வசதி. சிக்னல் மிகவும் மெலிதாக இருப்பதால் ஒரே அளவீட்டை நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்து கூட்ட வேண்டியிருக்கிறது. பால் லாட்டர்பர் 1957-இல் கார்பன்-13 நிறமாலைகளை முதன்முதலில் வெளியிட்டவர்களுள் ஒருவர். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்காக நோபல் பரிசு பெற்றவரும் அவரே. ஆனாலும் ரிச்சர்டு எர்ன்ஸ்டு வளர்த்தெடுத்த துடிப்பு முறை வந்த பிறகுதான் இது ஆய்வகத்தில் அன்றாட வேலையாயிற்று. வசதி என்னவென்றால், இரண்டு கார்பன்-13 அணுக்கள் ஒரே மூலக்கூறில் அடுத்தடுத்து அமைவது மிகவும் அபூர்வம். அதனால் ஒரு கார்பன் இன்னொரு கார்பனின் கோட்டைப் பிளப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஹைட்ரஜன்கள் பிளக்குமே என்றால், அவற்றையும் தனி ரேடியோ அலையால் தொடர்ந்து கலைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆக, ஒரே விதமான சூழலில் உள்ள கார்பன்களுக்கு ஒரே ஒரு ஒற்றைக் கோடு. எண்ணுவதற்கு இதைவிடச் சுத்தமான படம் கிடைக்காது.

இனி பாராசிட்டமாலைத் தாளில் வரைவோம். நடுவில் ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையம். அதன் ஒரு முனையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH. நேர் எதிர் முனையில் நைட்ரஜன். நைட்ரஜனோடு ஒட்டியது ஓர் அசிட்டைல் தொகுதி, அதாவது ஒரு கார்பனைல் கார்பனும் அதன் வாலாக ஒரு மெத்தில் கார்பனும். OH உள்ள முனையையும் நைட்ரஜன் உள்ள முனையையும் இணைத்து வளையத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் தாளை மடியுங்கள். இடப்பக்கத்து இரண்டு கார்பன்கள் வலப்பக்கத்து இரண்டின்மேல் அப்படியே பொருந்தும். பொருந்துகிற இரண்டும் கருவிக்கு ஒன்றுதான். அவற்றுக்கு ஒரே கோடு. வளையத்தில் ஆறு கார்பன் இருந்தும் நான்கு கோடுகள், வெளியே இருக்கும் இரண்டுக்கு இரண்டு. ஆக மொத்தம் ஆறு.

OH எதிர் முனையில் இல்லாமல் நைட்ரஜனுக்குப் பக்கத்திலோ, ஒன்று தள்ளியோ இருந்திருந்தால் என்ன ஆகும்? வேதியியலார் அவற்றை ஆர்த்தோ, மெட்டா என்பார்கள். அப்போது எந்த இடத்தில் மடித்தாலும் தாள் பொருந்தாது. வளையத்து ஆறு கார்பனும் ஆறு விதம். மொத்தம் எட்டு கோடுகள் வரும். ஆகவே ஆறு என்ற எண்ணிக்கை ஒன்றே அந்த இரண்டு மாற்றியங்களையும் ஒதுக்கிவிடுகிறது. ஒரு கோட்டுக்குக்கூட இன்னும் பெயர் வைக்கவில்லை, அதற்குள் இவ்வளவு தெரிந்துவிட்டது.

சமச்சீரை எண்ணிக்கையால் கண்டுபிடித்ததற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு C₆₀. அறுபது கார்பன் சேர்ந்த ஒரு மூலக்கூறு உருவாகிறது என்று 1985-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் கண்டார்கள். அது கால்பந்து வடிவக் கூடாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது நிறை மட்டும்தான். வடிவத்துக்கு நேரடி ஆதாரம் இல்லை. 1990-இல் இந்தப் பொருள் கண்ணால் பார்க்கும் அளவுக்குக் கிடைக்கத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோவின் குழு அதைப் பிரித்தெடுத்துக் கார்பன் என்.எம்.ஆர். பதிவு செய்தது. 143 பி.பி.எம். அருகே ஒரே ஒரு கோடு. அறுபது கார்பனும் ஒன்றுக்கொன்று வேறுபாடே இல்லாத இடங்களில் உட்கார்ந்திருந்தால்தான் இப்படி வரும். ஒரு தட்டையான துண்டாகவோ சங்கிலியாகவோ இருந்தால் ஓரத்துக் கார்பனும் நடுக் கார்பனும் வேறாகிப் பல கோடுகள் வந்திருக்கும்.

ஒற்றைக் கோட்டை மட்டும் வைத்து முடிவெடுத்தால் அது ஏதோ மாசின் கோடாக இருக்கலாமே என்ற ஐயம் எழும். அதற்கும் அங்கேயே விடை கிடைத்தது. கூடவே பிரித்தெடுத்த C₇₀ நீள்வாக்கில் இழுத்த கூடு. அதில் ஐந்து விதமான கார்பன்கள் இருக்க வேண்டும் என்று தாளிலேயே கணக்கிடலாம். நிறமாலையிலும் ஐந்து கோடுகள் வந்தன. அவற்றின் உயரங்களும் பத்து, இருபது என்று கார்பன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தை ஒட்டி இருந்தன. ஒன்றும் ஐந்தும் சேர்ந்து நின்றபோது கூட்டின் வடிவத்தை மறுக்க வழியில்லாமல் போயிற்று.

எண்ணி முடித்தாயிற்று. இனி இடம். கோடு நிற்கும் இடத்தை வேதிப் பெயர்ச்சி என்பார்கள். ஒரு கார்பனைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் வெளிக்காந்தத்தின் வலிமையைக் கொஞ்சம் மறைக்கின்றன. பக்கத்து அணு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்தால் அந்த மறைப்பு குறையும், கோடு இடப்பக்கம் நகரும். இதன் அளவு பத்து லட்சத்தில் சில பங்குகள்தான் என்பதால் பி.பி.எம். என்ற அலகு. டெட்ராமெத்தில்சிலேன் என்ற சேர்மத்தின் கோட்டைச் சுழியமாக வைத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 220 வரை கார்பன்கள் பரவி நிற்கும்.

அந்த நீளத்தை மனத்தில் சில வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டால் போதும். கார்பனோடும் ஹைட்ரஜனோடும் மட்டும் ஒற்றைப் பிணைப்பில் இருக்கும் சாதாரணக் கார்பன்கள் 10 முதல் 50 வரை. ஒற்றைப் பிணைப்பில் ஆக்சிஜனைத் தொட்டால் 50 முதல் 90. இரட்டைப் பிணைப்பும் பென்சீன் வளையமும் 100 முதல் 160. அமிலம், எஸ்டர், அமைடு ஆகியவற்றின் கார்பனைல் 160 முதல் 185. கீட்டோன், ஆல்டிஹைடின் கார்பனைல் 190-க்கு மேல். கடைசி இரண்டும் பலரைக் குழப்பும். அமைடில் ஆக்சிஜனோடு நைட்ரஜனும் கூடச் சேர்ந்து இழுக்கிறதே, அது கீட்டோனைவிட மேலே அல்லவா போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் நைட்ரஜன் தன்னிடம் தனித்திருக்கும் எலக்ட்ரான் இணையைக் கார்பனைல் பக்கம் பகிர்ந்து கொடுக்கிறது. அதனால் அந்தக் கார்பனின் பசி கொஞ்சம் அடங்கி, கோடு கீழே இறங்குகிறது. அசிட்டோனின் கார்பனைல் 207-இல் நிற்க, அமைடு 170-ஐ ஒட்டி நிற்பது இதனால்தான்.

பாராசிட்டமாலின் ஆறு கோடுகள், டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில், சுமாராக 168, 153, 131, 121, 115, 24. முதலும் கடைசியும் எளிது. 168 அமைடு கார்பனைல், 24 அதன் வாலில் உள்ள மெத்தில். நடுவில் உள்ள நான்கும் வளையத்துக்கு உரியவை. அவற்றை யார் யாருக்கு என்று பங்கிட ஒரு சிறு கூட்டல் கழித்தல் போதும்.

வெறும் பென்சீனின் கார்பன் 128.5-இல் நிற்கும். வளையத்தில் ஓர் OH ஏறினால், அதைத் தாங்கும் கார்பன் ஏறத்தாழ 27 கூடும். அதற்கு அடுத்தது 13 குறையும். அதற்கும் அடுத்தது 1 கூடும். நேர் எதிர் முனை 7 குறையும். பக்கத்துக் கார்பன் ஏன் குறைகிறது என்றால், ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இணையை வளையத்துக்குள் அனுப்பும்போது அது அடுத்த இடங்களிலும் எதிர் முனையிலும் போய்ச் சேர்கிறது. அமைடு நைட்ரஜனுக்கும் இதே பாங்கு, சற்று மெலிதாக. தாங்கும் கார்பனுக்கு 10 கூட்டல், அடுத்ததற்கு 9 கழித்தல், அதற்கடுத்ததற்கு மாற்றமில்லை, எதிர் முனைக்கு 5 கழித்தல்.

இப்போது கணக்குப் போடுவோம். OH-ஐத் தாங்கும் கார்பன் நைட்ரஜனுக்கு எதிர் முனையும்கூட. எனவே 128.5-உடன் 27 கூட்டி 5 கழித்தால் 150.5. பதிவானது 153. நைட்ரஜனைத் தாங்குவது OH-க்கு எதிர் முனை. 10 கூட்டி 7 கழித்தால் 131.5. பதிவானது 131. OH-க்குப் பக்கத்து இணைக் கார்பன்களுக்கு 13 கழித்தால் 115.5. பதிவானது 115. நைட்ரஜனுக்குப் பக்கத்து இணைக்கு 9 கழித்து 1 கூட்டினால் 120.5. பதிவானது 121. இரண்டு தொகுதிகளின் பாதிப்பும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் தனித்தனியே கூடும் என்று வைத்துக்கொண்ட தோராயம்தான் இது. OH தாங்கும் கார்பனில் இரண்டரை பி.பி.எம். இடறுவது அதனால்தான். ஆனாலும் வரிசை பிசகவில்லை.

சரி, அடையாளம் முடிந்ததா? இங்கேதான் கவனம் வேண்டும். பாராசிட்டமாலின் வாய்பாடு C₈H₉NO₂. அதே வாய்பாடு கொண்ட இன்னொரு சேர்மம் மெத்தில் 4-அமினோபென்சோயேட். மரப்பு மருந்தான பென்சோகெய்னின் தம்பி என்று சொல்லலாம். அதில் வளையத்தின் ஒரு முனையில் அமினோ தொகுதி, எதிர் முனையில் மெத்தில் எஸ்டர். தாளை மடித்தால் இதுவும் பொருந்தும். இதற்கும் ஆறு கோடுகள்தான். அவை நிற்கும் இடங்கள் சுமாராக 166, 153, 131, 116, 113, 51. முந்தைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஐந்து கோடுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில். எண்ணிக்கையும் ஒன்று, வாய்பாடும் ஒன்று. அவசரத்தில் பார்ப்பவர் ஏமாறுவது உறுதி.

பிரித்துக் காட்டுவது கடைசிக் கோடு. 24-இல் நிற்கும் மெத்தில் கார்பனைல் கார்பனோடு ஒட்டியது. 51-இல் நிற்பது ஆக்சிஜனோடு ஒட்டியது. ஒரு சாதாரண மெத்திலால் 51-க்குப் போக முடியாது. ஆக்சிஜனைத் தொட்ட மெத்திலால் 24-க்கு இறங்கவும் முடியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. டெப்ட் என்ற அளவீடு, ஹைட்ரஜன் ஒட்டிய கார்பன்களை மட்டும் காட்டும். அதன் 135 வகையில் CH, CH₃ இரண்டும் மேல்நோக்கியும் CH₂ கீழ்நோக்கியும் நிற்கும். ஹைட்ரஜன் இல்லாத கார்பன் மறைந்துவிடும். பாராசிட்டமாலின் டெப்ட் படத்தில் 131 காணாமல் போகும், ஏனென்றால் அது நைட்ரஜனைத் தாங்கும் கார்பன். மற்றதன் படத்தில் 131 உயர்ந்து நிற்கும், ஏனென்றால் அது எஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட்ரஜனோடு இருக்கும் இணை. ஒரே எண், இரண்டு வேறு ஆட்கள். வளையத்தில் நான்கு கோடு வந்தாலே பாரா என்று முடிவு கட்டுகிறவர்களுக்கும் டெப்ட் உதவும். ஒரே ஒரு தொகுதி ஏறிய வளையத்துக்கும் நான்கு கோடுகள்தான். ஆனால் அதில் மூன்று ஹைட்ரஜன் ஏந்தியவை. இரண்டு வேறு தொகுதிகள் எதிரெதிராக ஏறிய வளையத்தில் இரண்டு மட்டுமே.

எண்ணுவதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது கரைப்பான். டி.எம்.எஸ்.ஓ. தானே ஒரு கார்பன் சேர்மம். அது 39.5-இல் நெருங்கிய ஏழு கோடுகளாகத் தெரியும். அதில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக உள்ள டியூட்டீரியத்தைக் கலைப்பதில்லை என்பதால் இந்தப் பிளவு. குளோரோபார்ம் என்றால் 77-இல் மூன்று கோடு. இவற்றை முதலில் அடித்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, குட்டைக் கோடுகள். கார்பன் நிறமாலையில் உயரத்தை வைத்து எத்தனை கார்பன் என்று சொல்லக் கூடாது. பாராசிட்டமாலில் 121-உம் 115-உம் நன்றாக ஓங்கி நிற்கும், இரண்டிரண்டு கார்பன் என்பது ஒரு காரணம், ஹைட்ரஜன் ஒட்டியிருப்பது இன்னொரு காரணம். ஹைட்ரஜன்களைக் கலைக்கும்போது அவற்றின் ஆற்றலில் ஒரு பங்கு அவற்றை ஏந்திய கார்பனுக்கு வந்து சிக்னலைப் பெருக்கும். ஹைட்ரஜன் இல்லாத 168, 153, 131 மூன்றுக்கும் அந்த உதவி குறைவு. தவிர, ஒரு துடிப்புக்குப் பிறகு அவை நிதானத்துக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கும். அதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் பதில் தராமல் அயர்ந்து கிடக்கும். மாதிரி நீர்த்துப் போயிருந்தால் இந்த மூன்றில் ஒன்று இரைச்சலில் புதைந்து, ஆறு ஐந்தாகிவிடும். கணக்கில் குறைவது ஹைட்ரஜன் இல்லாத கார்பனாக இருந்தால் சமச்சீரைச் சந்தேகிக்கும் முன் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். துடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியை இரண்டு நொடியிலிருந்து எட்டு, பத்து நொடியாக நீட்டி, இன்னும் அதிக முறை பதிவு செய்தால் ஒளிந்த கோடு எழுந்துவிடும்.

மூன்றாவது, தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று விழும் கோடுகள். ஸ்டியரிக் அமிலத்தில் பதினெட்டு கார்பன்கள் வரிசையாக உள்ளன. மடித்துப் பொருத்த எந்தச் சமச்சீரும் இல்லை. பதினெட்டு கோடுகள் வர வேண்டும். ஆனால் சங்கிலியின் நடுவில் உள்ள கார்பன்களுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி அயலார் இருப்பதால் அவை 29, 30-ஐச் சுற்றிக் குவிந்து பிரித்தறிய முடியாமல் ஆகின்றன. ஆகவே கோடுகள் குறைந்தால் சமச்சீர் இருக்கலாம், தற்செயலும் இருக்கலாம். கார்பன்களின் எண்ணிக்கையைவிடக் கோடுகள் கூடினால் மட்டும் நிச்சயமாக வேறு ஏதோ நடக்கிறது. பெரும்பாலும் மாசு அல்லது கலவை. புளோரினோ பாஸ்பரசோ உள்ள சேர்மமானால் அவை கார்பன் கோட்டைப் பிளந்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாளில் மடித்துப் பார்த்த சமச்சீர் உண்மையில் மூலக்கூறு அசைந்துகொண்டே இருப்பதால் கிடைப்பது. பாராசிட்டமாலின் அமைடு தொகுதி வளையத்தோடு ஏறக்குறைய ஒரே தளத்தில் படுத்திருக்கும். அப்போது நைட்ரஜனுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு கார்பன்களில் ஒன்று கார்பனைல் ஆக்சிஜனுக்கு அருகிலும் மற்றது விலகியும் இருக்கும். கண்டிப்பாகப் பார்த்தால் அவை இரண்டு வேறு கார்பன்கள்தான். ஆனால் கரைசலில் வளையம் நொடிக்குப் பல்லாயிரம் முறைக்கு மேல் புரண்டுகொண்டே இருப்பதால் இருவரும் மாறி மாறி இடம் பிடிக்கிறார்கள். கருவி பார்ப்பது சராசரியை. அதனால்தான் ஒரே கோடு. டைமெத்தில்பார்மமைடு என்ற கரைப்பானில் நிலைமை நேர்மாறு. நைட்ரஜனில் உள்ள இரண்டு மெத்தில்களும் தாளில் ஒன்றுபோலத் தோன்றினாலும், நைட்ரஜனுக்கும் கார்பனைலுக்கும் இடையே உள்ள பிணைப்பு அறை வெப்பத்தில் எளிதாகச் சுழல்வதில்லை. எனவே அவை 31-இலும் 36-இலும் தனித்தனியே நிற்கின்றன. நன்றாகச் சூடேற்றினால் சுழற்சி வேகம் பிடித்து இரண்டும் ஒன்றில் கலக்கும்.

பாராசிட்டமால் பொடியைக் கரைக்காமல், திண்மமாகவே வேகமாகச் சுழலும் ஒரு சிறு குழலில் அடைத்து நிறமாலை எடுக்கும் முறையும் இருக்கிறது. படிகத்துக்குள் வளையம் அவ்வளவு எளிதாகப் புரள முடியாது. ஒவ்வொரு கார்பனும் பக்கத்து மூலக்கூறுகளுக்கு நடுவே ஓரிடத்தில் நெருக்கப்பட்டுக் கிடக்கும். அப்போது கரைசலில் 121-இல் ஒன்றாக நின்ற இணை இரண்டு கோடுகளாகப் பிரிகிறது. 115-இல் நின்ற இணையும் அப்படியே பிரிகிறது. எட்டு கார்பனுக்கும் எட்டு கோடுகள் வந்துவிடுகின்றன.